ஹாட்ஸ்பாட்டில் 10 பேர் வரை என்று காட்டுகிறது, 6 பேருக்கே திணறுகிறது. எத்தனை பேரைத்தான் தாங்கும்?

மொட்டைமாடி_மாணவன்

ஒரே வீட்டில் ஆறு பேர் தங்கிப் படிக்கிறோம். ஆறு பேருக்கும் வேறு வேறு வகுப்பு, ஆனால் காலை நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான். வீட்டுக்கு இணைய இணைப்பு கிடையாது, என் ஆண்ட்ராய்டு போன் ஹாட்ஸ்பாட்தான் எல்லாருக்கும். நான்கு லேப்டாப், ஒரு போன், பின் அறையில் ஒரு டேப்லெட். செட்டிங்கில் 10 கருவிகள் வரை இணைக்கலாம் என்று இருக்கிறது. மூன்று பேர் இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. நான்காவது ஆள் வந்ததும் ஆரம்பிக்கிறது: குரல் ரோபோ மாதிரி வருகிறது, ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார், திரும்ப நுழைய இரண்டு நிமிஷம். வேகத்தைச் சோதித்துப் பார்த்தால் 19 மெகாபிட் காட்டுகிறது, அது போதாதா? 10 என்று போட்டுவிட்டு 4 பேருக்கே மூச்சு வாங்கினால் அந்த 10 எதற்கு?

கணக்குப்புலி

19-ஐ ஆறால் வகுத்தால் ஆளுக்கு 3-க்கு மேல் வருகிறது. வீடியோ வகுப்புக்கு ஒரு மெகாபிட் இருந்தாலே தாராளம். அதனால் வேகம் காரணமில்லை, உங்கள் போன்தான் பழசு, இத்தனை பேரைச் சுமக்க அதன் பிராசஸருக்குத் தெம்பு இல்லை. போனை மாற்றாமல் இது தீராது.

வேம்படி

ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி ஆகும் என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டில் இரண்டு பேர் படித்தே மதியத்துக்குள் அன்றைய டேட்டா காலி. ஆறு பேர் என்றால் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வீடியோ தரத்தைக் குறைத்து வையுங்கள், மிச்சமாகும்.

மொட்டைமாடி_மாணவன்

டேட்டா அளவு இல்லை அக்கா, அது இருக்கிறது. இருக்கும்போதே திணறுகிறது, அதுதான் என் கேள்வி.

சிக்னல்_சித்தன்

10 என்பது கதவில் எழுதியிருக்கும் எண் தம்பி. பத்துப் பேருக்கு முகவரி கொடுத்து உள்ளே விடுவேன் என்றுதான் போன் சொல்கிறது. உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் சோறு இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

கணக்குப்புலி வகுத்த விதம் சரி, வகுத்த எண்தான் தப்பு. 19 என்பது இறங்குகிற வேகம். ஏறுகிற வேகம் எவ்வளவு? சோதனை முடியும்போது இரண்டாவதாக ஓர் எண் வருமே, அதை யாரும் பார்ப்பதில்லை. டவர் பல வாட் சக்தியில் பேசும். உங்கள் போன் அதற்குப் பதில் சொல்வது அதிகபட்சம் 0.2 வாட்டில். அதனால் டவரிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் இறங்குவது நன்றாகவே இருந்தாலும் ஏறுவது பரிதாபமாக இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். திணறும் நேரத்தில் ஆசிரியர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லையா? அல்லது இரண்டு பக்கமும் உடைகிறதா?

மொட்டைமாடி_மாணவன்

அட, இதை நான் கவனித்ததே இல்லை. இப்போது ஆறு பேரையும் கேட்டேன். ஐந்து பேருக்கு ஆசிரியர் குரல் பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் "நீ பேசுவது விட்டு விட்டு வருகிறது" என்கிறாராம். வெளியே தள்ளப்பட்டவர் திரும்ப நுழைவதுதான் இழுக்கிறது. பின் அறை டேப்லெட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் உடைகிறது, அவன் வகுப்பில் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

ஏறுகிற வேகம் 2.1.

சிக்னல்_சித்தன்

அப்படியானால் உங்களுக்கு இரண்டு வியாதி, ஒன்றல்ல. ஐந்து பேருக்கு ஒன்று, டேப்லெட்டுக்கு வேறு ஒன்று. முதலில் ஐந்து பேருடையதைப் பார்ப்போம்.

கேமரா போட்டிருக்கும் ஒருவர் சாதாரணத் தரத்தில் 600 கிலோபிட் அனுப்புவார் என்று வையுங்கள், சில செயலிகளில் ஒரு மெகாபிட்வரை போகும். குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட். மைக்கை அடைத்துவிட்டுச் சும்மா கேட்பவர் அனுப்புவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நான்கு பேர் கேமரா போட்டால் 2.4 மெகாபிட், உங்களிடம் இருப்பது 2.1. நான்காவது ஆள் வந்ததும் ஆரம்பிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அதிலேயே இருக்கிறது.

நிரம்பினால் என்ன ஆகும் என்றால், மிச்சத்தை போன் உடனே தூக்கி எறியாது, வரிசையில் நிறுத்தி வைக்கும். ஆறு பேருக்கும் ஒரே வரிசை. கேமரா போடாதவர் சொல்லும் "யெஸ் சார்" கூட மற்றவர்களின் வீடியோவுக்குப் பின்னால் நின்றுதான் போக வேண்டும். இரண்டு விநாடி கழித்துப் போய்ச் சேரும் குரலை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் என்ன செய்வார்கள், உடைந்துதான் கேட்கும். ஒரு வலைப்பக்கம் திறப்பதும் இதனால்தான் இழுக்கும், பக்கத்தைக் கேட்கும் கோரிக்கையே அதே வரிசையில் நிற்கிறது.

நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். போன் பக்கத்தில் இருக்கும் ஒரு விண்டோஸ் லேப்டாப்பில் முதலில் இதைக் கொடுங்கள்:

```
ipconfig
```

அதில் `Default Gateway` என்று வரும் முகவரிதான் உங்கள் போன். பல பழைய ஆண்ட்ராய்டு போன்களில் அது 192.168.43.1, புதியவற்றில் மாறிக்கொண்டே இருக்கும், அப்படியானால் கீழே அந்த எண்ணுக்குப் பதில் உங்களுக்கு வந்ததைப் போடுங்கள். அப்புறம் இரண்டு கறுப்பு ஜன்னல் திறந்து, ஒன்றில் ஒன்றாக ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.43.1
ping -t 8.8.8.8
```

முதலாவது லேப்டாப்பிலிருந்து போன்வரை. இரண்டாவது அதையும் தாண்டி டவர் வழியாக வெளியே. எந்த ஜன்னலில் எண் ஏறுகிறது என்று வகுப்பு ஓடும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

ஒத்தைப்பனை

இவ்வளவு எதற்கு? ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸை எடுத்துவிட்டு 5-க்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. எனக்கு அப்படித்தான் சரியானது.

சிக்னல்_சித்தன்

உங்கள் வீட்டைச் சுற்றி வைஃபை நெரிசல் இருந்திருக்கும், அதற்கு அது சரியான மருந்து. ஆனால் 5-க்கு மாற்றினால் லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவே இருக்கும் பாதைதான் அகலமாகும். டவர் பக்கம் ஒரு துளி கூடாது. அதோடு 5 சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி, பின் அறை டேப்லெட் இன்னும் மோசமாகலாம்.

மொட்டைமாடி_மாணவன்

இன்று காலை அளந்தேன், ஆர்வத்தில் என் வகுப்பையே கோட்டைவிட்டேன்.

வகுப்பு தொடங்கும் முன்: போனுக்கு 3 முதல் 6 மில்லிசெகண்ட், வெளியே 48 அளவில்.
மூன்று கேமரா: போனுக்கு அதேதான், வெளியே 200, 250 என்று ஆடுகிறது.
நான்கு கேமரா: போனுக்கு 8-க்குள், வெளியே 1400-லிருந்து 2200 வரை, நடுநடுவே `Request timed out.`

இன்னொரு விஷயம். ஒரு கட்டத்தில் எல்லாரையும் கேமராவை அணைக்கச் சொன்னேன். குறைய வேண்டியதுதானே? குறையவில்லை, 1800-லேயே நின்றது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

கணக்குப்புலி

பார்த்தீர்களா, கேமரா இல்லாமலே திணறுகிறது. நான் சொன்ன மாதிரி போன்தான்.

சிக்னல்_சித்தன்

போன் திணறினால் முதல் ஜன்னலில் தெரிந்திருக்கும். அது 8-க்குள் நிற்கிறது, ஆகவே வைஃபையைப் பரிமாறுவதில் போனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. டவர் பக்கம் ஏற்றுகிற வேறு யாரோ இருக்கிறார்கள். நேற்று யாராவது நிறையப் படம் எடுத்தீர்களா?

மொட்டைமாடி_மாணவன்

நேற்று ஒருவனின் பிறந்தநாள் :(

அவன் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் இருக்கிறது, வைஃபையில் இருக்கும்போது படங்களைத் தானாக ஏற்றும்படி வைத்திருக்கிறான். 140 படம், 6 வீடியோ. நிறுத்தச் சொன்னேன். பத்து விநாடிக்குள் 1800-லிருந்து 55-க்கு வந்துவிட்டது, கண் முன்னால் நடந்தது.

சிக்னல்_சித்தன்

வகுப்புச் செயலியாவது வழி குறுகினால் வீடியோ தரத்தைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கப் பார்க்கும். படம் ஏற்றுகிறவனுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, இருக்கிற வழி முழுவதையும் அடைத்துக்கொண்டுதான் போவான். ஒரே ஓர் ஆள் போதும், மற்ற ஐந்து பேரும் அவுட். எத்தனை கருவி என்று எண்ணுவதைவிட எந்தக் கருவி எதை அனுப்புகிறது என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஆண்ட்ராய்டு போன்கள் இன்னொரு ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால் இது அளவுள்ள இணைப்பு என்று பெரும்பாலும் தாங்களே புரிந்துகொண்டு அடங்கியிருக்கும். அவன் போனில் யாரோ அதை மாற்றியிருக்கலாம், அந்த வைஃபை பெயரை அழுத்திப் பாருங்கள். லேப்டாப்புகளில் நீங்களே செய்ய வேண்டும்: வைஃபை இணைப்பின் பண்புகளில் `Metered connection` என்பதை ஆன் செய்யுங்கள், விண்டோஸ் அப்டேட்டில் பெரும்பகுதி காத்திருக்கும். நான்கு லேப்டாப்பிலும் தனித்தனியாக.

கரும்பலகை

நான் எதிர்ப்பக்கம் இருப்பவள், ஆசிரியை. கேமராவை அணை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். நாற்பது கறுப்புக் கட்டத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள், சுவரோடு பேசுவது மேல். எங்கள் இடத்தில் கேமரா போட்டால்தான் வருகைப்பதிவு.

மொட்டைமாடி_மாணவன்

எங்களில் மூன்று பேருக்கும் அதே விதிதான் மேடம். அதனால் எல்லாரும் அணைக்க முடியாது.

சிக்னல்_சித்தன்

அணைக்காமலே கணக்குப் போடலாம் மேடம். ஏறுகிற வேகம் 2.1, அதில் ஒரு முப்பது சதவீதத்தை எப்போதும் காலியாக விடுங்கள், ஏனென்றால் டவரில் நெரிசல் கூடினால் 2.1 என்பது 1.6 ஆவதற்கு நிமிஷம் ஆகாது. மிச்சம் ஏறக்குறைய 1.5. இரண்டு கேமரா 1.2. மீதி நான்கு பேரும் ஒரே சமயம் பேசினாலும் 0.3. ஆக உங்கள் போன் அந்த இடத்தில் ஆறு பேரைத் தாங்கும், இரண்டு கேமராவோடு. இறங்குகிற பக்கம் ஆளுக்கு ஒரு மெகாபிட் வைத்தாலும் 6 தான், 19 இருக்கிறது, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மூன்று கேமரா வேண்டும் என்றால் 2.1-ஐக் கூட்ட வேண்டும். போன் இப்போது எங்கே இருக்கிறது?

மொட்டைமாடி_மாணவன்

கூடத்தின் நடுவில் மேசை மேல், எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கட்டும் என்று.

சிக்னல்_சித்தன்

எல்லாரும் செய்யும் தப்பு. வைஃபை பக்கம் உங்களுக்குக் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, பஞ்சம் டவர் பக்கம்தான். போனை ஆட்களின் நடுவில் வைக்காதீர்கள், டவரை நோக்கி வையுங்கள். போனைப் பற்றிய விவரப் பகுதியில் சிம் நிலை என்று இருக்கும், அதில் சிக்னல் `-111 dBm` மாதிரி காட்டும். சைபரை நோக்கி எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்து ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்கள். மேலே இருக்கும் கோடுகளை நம்பாதீர்கள், அவை ஏமாற்றும்.

ஆறிய_காபி

ஜன்னல் என்றதும் என் கதை. நானும் இப்படித்தான் ஜன்னலில் வைத்துச் சார்ஜும் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு அருமையாக ஓடியது. பத்தரைக்கு வெயில் நேராக விழ, போன் தோசைக்கல் மாதிரி ஆகி, சூடு அதிகம் என்று சொல்லிவிட்டு ஹாட்ஸ்பாட்டை அதுவே அணைத்துவிட்டது. தேர்வு நடந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து உறை கழற்றி, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நிழலில், சார்ஜை வகுப்புக்கு முன்பே ஏற்றிவிடுவேன்.

மொட்டைமாடி_மாணவன்

நடு மேசையில் -111. சமையலறை ஜன்னலில் -109. மாடிப்படி பக்கத்து ஜன்னலில் -97! அங்கே வைத்து மூன்று முறை சோதித்தேன், ஏறுகிற வேகம் 4.6, 5.3, 4.9. இத்தனை நாளும் ஆறு அடி தள்ளி வைத்துக் கஷ்டப்பட்டிருக்கிறோம். வெயில் அங்கே மாலையில்தான் வரும், ஆறிய_காபி சொன்னபடி உறையைக் கழற்றிவிட்டேன்.

ஆனால் இப்போது போன் பின் அறைக்கு இன்னும் தூரம். டேப்லெட்காரன் என்னை முறைக்கிறான்.

சிக்னல்_சித்தன்

4.6-ஐயே வைத்துக் கணக்குப் போடுங்கள், எப்போதும் குறைந்ததை. முப்பது சதவீதம் போக 3.2 இருக்கும், ஐந்து கேமராவே கட்டிவிடும்.

டேப்லெட்டுக்கு: ஒரு லேப்டாப்பைப் பின் அறைக்கு எடுத்துப் போய் போனுக்கு மட்டும் பிங் பாருங்கள்.

மொட்டைமாடி_மாணவன்

பின் அறையில் போனுக்கே 90, 340, 15, 600, அப்புறம் ஒரு `Request timed out.` குதியோ குதி என்று குதிக்கிறது.

சிக்னல்_சித்தன்

அதுதான் இரண்டாவது வியாதி, இது வைஃபை பக்கத்தது. இரண்டு சுவர் தாண்டி வரும் கருவி மெதுவாகத்தான் பேசும், அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பவும் சொல்லும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் அவர் இழுக்க இழுக்க மற்றவர்களும் காத்திருப்பார்கள். கருவி எண்ணிக்கை கூடும்போது உண்மையில் வலிக்கிற இடம் இது ஒன்றுதான். அவரைக் கூடத்துக்கு அழைத்து வந்துவிடுங்கள், ஹெட்செட் போட்டுக்கொள்ளட்டும். போனுக்கு மிக அருகே உட்காரும் லேப்டாப்பை யூஎஸ்பி கேபிளில் இணைத்துவிட்டால் வைஃபையில் ஒரு ஆள் குறையும்.

வேம்படி

குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம். நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆறு பேருக்கு எத்தனை ஜிபி?

சிக்னல்_சித்தன்

மன்னிக்கவும் அக்கா. ஒருவருக்கு இறங்குவது 600 கிலோபிட் என்று வைத்தால் மணிக்கு 270 எம்பி. ஆறு பேருக்கு 1.6 ஜிபி, கேமரா போடுகிறவர் அனுப்புவது தனி, அதுவும் தலைக்கு அதே அளவு. எல்லா முகமும் தெரிகிற கட்டக்காட்சியில் வைத்தால் இன்னும் கூடும், பேசுகிறவர் மட்டும் தெரியும்படி வையுங்கள். சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனி அளவு இருக்கும், அது தீர்ந்ததும் போனில் இணையம் நன்றாக ஓடும், லேப்டாப்பில் மட்டும் ஊரும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்தைப்பனை

ஐபோனில் 5 பேர்தான் என்கிறார்களே, உண்மையா? என் தங்கையுடையதில் மூன்றுக்கு மேல் ஏறவில்லை.

சிக்னல்_சித்தன்

அது இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தையும் போன் மாடலையும் பொறுத்தது, ஒரே எண் சொல்ல முடியாது. ஐபோன் 172.20.10 என்று தொடங்கும் மிகச் சின்ன முகவரித் தொகுப்பைத்தான் பயன்படுத்தும், அதில் போன் போக 13 பேருக்குத்தான் இடமே உண்டு. அந்தக் கதவுக்கு உள்ளேயும் கதவு வைத்திருக்கிறார்கள்.

மொட்டைமாடி_மாணவன்

நான்கு நாள் கழித்து வருகிறேன். ஆறு பேரும் உள்ளே, நான்கு கேமரா, டேப்லெட்காரன் கூடத்தில். வெளியே போகும் பிங் 60 முதல் 130. யாரும் தள்ளப்படவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று. திங்கள் காலை ஆறு பேருக்கும் ஒரே விநாடியில் நின்றது, அரை நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வந்துவிட்டது. வைஃபை இணைப்பு போகவில்லை, போனுக்குப் பிங் ஓடிக்கொண்டேதான் இருந்தது. புதன்கிழமை திரும்பவும் ஒருமுறை.

ஆறிய_காபி

இரண்டு சிம் போனா? அந்த நேரத்தில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்ததா பாருங்கள். எனக்கு அம்மா கூப்பிட்டாலே வகுப்பு நின்றுவிடும்.

சிக்னல்_சித்தன்

சரியான கேள்வி. பல இரட்டை சிம் போன்களில் டவரோடு பேசும் ரேடியோ ஒன்றுதான், இரண்டாவது சிம்மில் பேசி முடிக்கும்வரை முதல் சிம்மின் டேட்டா காத்திருக்கும். ஒரே சிம் என்றாலும் அழைப்பை 4ஜியிலேயே எடுக்கும் வசதி அணைந்திருந்தால், அழைப்பு வந்ததும் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும், டேட்டா படுத்துவிடும். வகுப்பு நேரத்தில் இரண்டாவது சிம்மை அணைத்து வையுங்கள்.

மொட்டைமாடி_மாணவன்

அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். திங்கள் 9:42-க்கு இரண்டாவது சிம்மில் ஓர் அழைப்பு, எடுத்துப் பேசியிருக்கிறேன், 31 விநாடி. அது பொருந்துகிறது. புதன்கிழமை அந்த நேரத்தில் ஓர் அழைப்பும் இல்லை, தவறிய அழைப்புகூட இல்லை.

கணக்குப்புலி

போன்தான்.

சிக்னல்_சித்தன்

இந்த முறை நீங்கள் சொல்வது இருந்தாலும் இருக்கலாம் :) ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கலாம், சூட்டில் மோடம் ஒரு நிமிஷம் தளர்ந்திருக்கலாம். இரண்டாவது சிம்மை அணைத்துவிட்டு இரண்டு ஜன்னலையும் நாள் முழுக்க ஓடவிடுங்கள். மறுபடி நின்றால் அந்த நேரத்தையும் சிக்னல் எண்ணையும், போன் சூடாக இருந்ததா என்பதையும் குறித்துக்கொண்டு இங்கே போடுங்கள்.

மொட்டைமாடி_மாணவன்

போட்டுவிட்டேன், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 9:15, -98, போன் வெதுவெதுப்பு. இன்னும் நிற்கவில்லை.